லீஸ் முடியுமுன் வீட்டை விடுவதென்றால் முதலில் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: “உவர்மலையில் ஒரு மேல்மாடி வீட்டை இரண்டு வருஷ லீஸுக்கு எடுத்தோம். ஏழு மாசம்தான் ஆகுது. அம்மாவுக்கு கான்சர் என்று மகரகமவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்களும் அங்கே போக வேண்டும். மீதி மாச வாடகையைக் கட்டு, இல்லாவிட்டால் அட்வான்ஸ் கிடையாது என்கிறார் வீட்டுக்காரர். டொக்டர் கடிதம் கொடுத்தால் சட்டப்படி விட்டுப் போகலாமா? என்னென்ன பேப்பர் வேணும்? என் தங்கச்சியும் புருஷனின் அடி தாங்காமல் வாடகை வீட்டை விட நினைக்கிறாள். அவளுக்கும் இதே வழிதானா?”

டொக்டர் கடிதம் மட்டும் ஒரு லீஸை முடித்துவிடாது. கடும் நோய் வந்தால் வாடகைக்கு இருப்பவர் இடையில் விலகலாம் என்று சொல்லும் சட்டம் இலங்கையில் இல்லை. இணையத்தில் நீங்கள் வாசித்திருக்கக்கூடியவை வேறு நாட்டுச் சட்டங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டு வன்முறைக்கு ஆளானவர் பாதுகாப்புக் கட்டளையைக் காட்டி லீஸிலிருந்து விலகலாம். அந்தச் சட்டத்தை இங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அதனால் நீங்கள் பதினேழு மாசமும் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும் என்றும் இல்லை. திருகோணமலையில் இருபது வருஷத்துக்கு மேலாக நொத்தாரிசு வேலையும் வழக்கு வேலையும் பார்க்கிறேன். இந்த விஷயத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. பேப்பரை எடுத்து அதன் கடைசிப் பக்கத்தைக் காட்டச் சொல்வேன்.

காரணம் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்கையில் கையொப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்தில் செல்லாது. அப்படி எழுதிய உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும்: உறுதி இலக்கம், திகதி, சாட்சிகளின் பெயர், நொத்தாரிசின் கையொப்பமும் முத்திரையும். அதன் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்கும் போயிருக்கும். உங்கள் பேப்பரில் இதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பாதிப் பேருடைய ‘லீஸ்’ இப்படி இருப்பதில்லை. கணினிக் கடையில் அடித்து, முத்திரை ஒட்டி, சமாதான நீதவான் ஒருவரின் சீல் குத்தி வைத்திருப்பார்கள். சமாதான நீதவானின் சீல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது நொத்தாரிசு உறுதி ஆகாது.

அப்படியான பேப்பர்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், நீங்கள் சட்டத்தின் கண்ணில் இரண்டு வருஷக் குத்தகைக்காரர் இல்லை. வீட்டில் இருந்து மாசாமாசம் வாடகை கட்டியதால் மாத வாடகைக்காரர். ஒரு முழு மாத முன்னறிவித்தலோடு விலகலாம், நோய் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். உங்கள் வாடகை மாசம் முதலாம் திகதி தொடங்குகிறது என்று வையுங்கள். ஜூன் 20 இல் கடிதம் கொடுத்தால் அது ஜூலை 20 இல் முடியாது, ஜூலை 31 இல்தான் முடியும். ஜூன் 30 க்குள் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் வேண்டும். இந்த வகையில் மீதி பதினேழு மாச வாடகையை அவர் வழக்குப் போட்டு வாங்குவது மிகக் கடினம், செல்லாத ஒப்பந்தத்தின் காலத்தை அவர் நிலைநாட்ட முடியாது. அட்வான்ஸில் கழியாமல் இருக்கும் பணத்தை நீங்கள் திருப்பிக் கேட்கலாம். பேப்பர் குத்தகையாகச் செல்லாவிட்டாலும் பணம் கைமாறியதற்கு அது சான்று, கிழித்துப் போடாதீர்கள். கேட்பதை மூன்று வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு காலங்கடந்துவிட்டது என்ற பதிலைச் சமாளிக்க வேண்டி வரும்.

நொத்தாரிசு உறுதி என்றால் நிலைமை வேறு. அதில் இடையில் விலகும் வாசகம் இருக்கிறதா என்று வரிவரியாகத் தேடுங்கள். பெரும்பாலும் ‘இரு பகுதியாரில் எவரும் மூன்று மாத எழுத்து முன்னறிவித்தலுடன்’ என்று ஒரு வரி நடுவில் எங்கேயோ கிடக்கும். கையொப்பமிடும் அன்று அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த வரி இருந்தால் அதன்படி நடவுங்கள், கதை முடிந்தது. இல்லாவிட்டால், சட்டப்படி உங்களுக்கு விலகும் உரிமை இல்லை. எங்கள் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போனால் விடுதலை உண்டு. ஆனால் குடியிருப்பவருடைய வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தது அந்த ‘முடியாமை’க்குள் அடங்காது. வீடு அப்படியேதான் இருக்கிறது, வாடகையும் கட்டத்தக்கதுதான் என்பார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் உங்களிடம் வேறு மாதிரிச் சொல்லி நம்ப வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானாலும் வீட்டுக்காரர் சொல்வது முழுக்கச் சரியில்லை. ஒப்பந்தத்தை மீறியவரிடம் அவர் கேட்கக்கூடியது தனக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைத்தான். வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு பதினேழு மாசமும் எண்ணிக்கொண்டிருக்க அவருக்கு உரிமை இல்லை, வேறு ஆள் பிடிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். நீங்கள் போன அடுத்த மாசமே அவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் நட்டம் ஒரு மாச வாடகையும் புது உறுதி எழுதும் செலவும்தான். அதனால் நான் எப்போதும் சொல்வது இதுதான்: உரிமை பற்றி வாதாடுவதற்கு முன்னால் அடுத்த வாடகைக்காரரைத் தேடுங்கள். அவரைக் கையோடு கூட்டிப்போய் நிறுத்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அவருக்கு நீங்களாகவே வீட்டைக் கொடுத்துவிடாதீர்கள், அநேகமாக எல்லா உறுதியிலும் உபகுத்தகைக்குத் தடை இருக்கும். வீட்டுக்காரருக்கு அறிமுகப்படுத்துவதோடு உங்கள் வேலை முடியட்டும்.

சில வருஷத்துக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், பேப்பர் எப்படி வேலை செய்யும் என்று விளங்கும். பாலையூற்றுப் பக்கம் இரண்டு வருஷ நொத்தாரிசு உறுதி, மாச வாடகை நாற்பதாயிரம், ஆறு மாச அட்வான்ஸ் 2,40,000 ரூபா. எட்டாவது மாசம் தகப்பனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. மகன் இருந்த ஊருக்குப் போக வேண்டிய நிலை. விலகும் வாசகம் உறுதியில் இல்லை. வீட்டுக்கார அம்மா கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டார். நான் அவரோடு இரண்டு தரம் கதைத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அட்வான்ஸ் பணம் அந்த அம்மா தன் மகனைக் கட்டாருக்கு அனுப்பிய செலவில் போய்விட்டிருந்தது. கையில் காசு இல்லாதபடியால்தான் சட்டம் பேசினார். இது தெரிந்ததும் எங்களுடைய கேள்வியை மாற்றினோம். இரண்டு மாச முன்னறிவித்தல், அதற்குள் நாங்கள் ஆள் பிடித்துத் தருவோம், நட்டத்துக்காக ஒரு மாச வாடகை நாற்பதாயிரத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட் செலவு பதினெட்டாயிரம், மின்சார, தண்ணீர் பில் ஆறாயிரத்து ஐந்நூறு கழியுங்கள். மீதி 1,75,500 ரூபாவில் புது வாடகைக்காரரின் அட்வான்ஸ் வந்த அன்று ஒரு லட்சம், மிச்சம் மூன்று மாசத்தில். அவர் சம்மதித்தார். அதை ஒரு குத்தகை இரத்து உறுதியாக எழுதி, இரண்டு பகுதியாரும் சாட்சிகளும் கையொப்பமிட்டார்கள். நொத்தாரிசு உறுதியால் உண்டான குத்தகையை வாய்ச்சொல்லால் முடிப்பது புத்தியில்லை, காணிப் பதிவகத்தில் அது உயிரோடு இருக்கும்வரை நாளைக்கு ஒரு பிரச்சினை எழலாம்.

சாவியைக் கொடுத்த அன்று நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகள் மின்மானியின் முன்னால் நின்று கைப்பேசியில் இலக்கத்தைப் படம் எடுத்தார், பிறகு தண்ணீர் மானி, பிறகு ஒவ்வொரு அறையின் சுவர், ஜன்னல் கண்ணாடி, கழிவறைக் கதவு. வீட்டுக்கார அம்மா பின்னாலேயே வந்து சமையலறைக் குழாய் ஒன்று ஒழுகுகிறது என்றார். அதை மறுக்காமல் ஒப்படைப்புக் குறிப்பில் ‘சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, இருபகுதியாரும் கண்டனர்’ என்று எழுதினோம். நான்கு சாவி, திகதி, மானி இலக்கங்கள், இரண்டு கையொப்பம். அரைப் பக்கம்தான். மூன்று மாசம் கழித்து அந்தக் குழாய்க்காக ஏழாயிரம் கேட்டபோது அந்த அரைப் பக்கம்தான் பதில் சொன்னது, ஒரு வாஷருக்கு ஏழாயிரம் போகாது.

இனி நீங்கள் கேட்ட பேப்பர்கள். மருத்துவக் கடிதத்துக்குச் சட்ட வலிமை இல்லை என்று சொன்னேன், ஆனாலும் அது பேச்சுவார்த்தையின் நடுத்தூண். நீங்கள் சாக்குச் சொல்லவில்லை என்பதை வீட்டுக்காரருக்கும், விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனால் அங்கே இருப்பவர்களுக்கும் அது காட்டும். அம்மாவுக்குச் சிகிச்சை தரும் விசேட மருத்துவரிடம் கேளுங்கள், தெருமுனை மருந்தகத்தில் வாங்கிய கடிதம் பெறுமதியில்லை. பெயர், மருத்துவ சபைப் பதிவிலக்கம், கையொப்பம், சீல், திகதி இருக்க வேண்டும். உள்ளடக்கம் நான்கு வரி போதும்: இன்னார் இந்த வைத்தியசாலையில் சிகிச்சையில் இருக்கிறார், சிகிச்சை இந்த இடத்தில் ஏறத்தாழ இவ்வளவு காலம் நடக்கும், அடிக்கடி நேரில் வர வேண்டும், கூட ஒருவர் இருப்பது அவசியம். மேல்மாடி வீடு என்கிறீர்கள், படியேற இயலாது என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயரும் நிலையும் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. கிளினிக் புத்தகத்தையும் டயக்னோசிஸ் கார்டையும் முழுதாகப் போட்டோக்கொப்பி அடித்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள், அது வேண்டாம். அம்மாவின் உடம்பு பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது அந்த நான்கு வரிதான். கிளினிக் திகதிகள் உள்ள பக்கத்தை மட்டும் நேரில் காட்டலாம்.

லீஸில் கையொப்பமிட்டது நீங்கள், நோயாளி அம்மா என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் சேர்த்து வையுங்கள். கையொப்பமிட்டதே அம்மா என்றால் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அவர் தெளிவாக இருக்கும்போதே நொத்தாரிசு முன் உங்களுக்கு அட்டோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க வேண்டும், குத்தகையை முடிக்கவும் பணத்தைப் பெறவும் அதில் தெளிவாக அதிகாரம் இருக்க வேண்டும். நினைவு தடுமாறிய பிறகு அதை யாராலும் எழுத முடியாது. கையொப்பமிட்டவர் இறந்தாலும் குத்தகை தானாக முடிவதில்லை, உரிமையும் கடனும் வாரிசுகளுக்குப் போகும். அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் யார் என்றும் பாருங்கள். உவர்மலையிலும் உப்புவெளியிலும் எத்தனையோ வீடுகளின் உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், இங்கே வாடகை வாங்குவது மச்சானோ சித்தப்பாவோ. அவரிடம் அட்டோணித் தத்துவம் இருக்கிறதா, அதில் குத்தகையை இரத்துச் செய்ய இடமிருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். சித்தப்பா சரி என்று சொன்னதை உரிமையாளர் மறுத்த வழக்கு எனக்கு வந்திருக்கிறது.

முன்னறிவித்தல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை அந்தக் கடிதத்தின் பிரதியோடு ஊசி குத்தி வையுங்கள். வாட்ஸப்பில் சொல்வதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வாடகையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் நிறுத்தினால், நியாயம் கேட்டு வந்தவர் வாடகை பாக்கிக்காரர் ஆகிவிடுவார். குளிர்சாதனப் பெட்டி, அலுமாரி என்று எதையாவது ‘பிறகு எடுக்கலாம்’ என்று விட்டுப் போவதும் ஆபத்து, வீடு இன்னும் உங்கள் வசம்தான் என்று சொல்ல அது ஒன்று போதும். அவர் ஒத்தே வராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு எழுதுங்கள், நம் ஆட்கள் இணக்கசபை என்போம். ஒரு குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட பணப் பிரச்சினைகள் நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை. நோயாளியின் பிள்ளை நான்கு தெளிவான பேப்பரோடு வந்து நின்றால் அங்கே பெரும்பாலும் ஒரு நியாயமான கணக்குக்கு வருவார்கள். 1972 வாடகைச் சட்டத்தையும் 2023 இல் வந்த புதுச் சட்டத்தையும் யாராவது இழுத்துப் பேசினால் குழம்ப வேண்டாம். முதலாவது வீட்டுக்காரர் உங்களை எழுப்புவதைக் கட்டுப்படுத்த வந்தது, இரண்டாவது குத்தகை முடிந்தும் போகாதவரிடமிருந்து அவர் வீட்டை மீட்பதற்கு. தானாகப் போக விரும்புபவருக்கு இரண்டும் உதவாது.

தங்கச்சியின் விஷயம் வேறு, அதில் வரிசையே மாறும். உங்களுக்குப் பேப்பர் முதலில், பயணம் பிறகு. அவருக்கு உயிர் முதலில், லீஸ் பிறகு. அடி விழும் வீட்டில் முன்னறிவித்தல் காலம் முடியட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், வாடகைக் கடன் பிறகு பேசித் தீர்க்கக்கூடியது. உறுதியில் புருஷனின் கையொப்பம் மட்டும்தான் என்றால் வாடகைப் பொறுப்பு அவருடையது, இவர் போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இருவரும் கையொப்பமிட்டிருந்தால் இவரால் தனியாக லீஸை இரத்துச் செய்ய முடியாது. இன்ன திகதியிலிருந்து நான் அங்கே வசிக்கவில்லை என்று வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் அனுப்பி வைக்கலாம். அது பொறுப்பை அறுக்காது, ஆனால் அந்தத் திகதிக்குப் பின் வந்த சேதத்தையும் பில்லையும் இவர் தலையில் கட்டுவதை எதிர்க்க உதவும். அட்வான்ஸ் பற்றுச்சீட்டு யார் பெயரில் என்பதையும் பார்க்க வேண்டும்.

தங்கச்சி போகத்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கச் சொல்லுங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவரே செய்யலாம், அவருக்காகப் பொலிஸாரும் செய்யலாம். நீதவான் முதலில் பதினான்கு நாளுக்கு மேற்படாத இடைக்காலக் கட்டளை தரலாம், விசாரித்த பின் பன்னிரண்டு மாசம்வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். அந்தக் கட்டளையால் புருஷன் அந்த வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று தடுக்க முடியும், அப்போது வீட்டை விட வேண்டியவர் அவர்தான். இதற்கு வேண்டிய பேப்பர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கமும் பிரதியும், காயம் என்றால் ஆஸ்பத்திரிப் பதிவும். ஆஸ்பத்திரியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள், பிறகு அந்தப் பதிவே எதிராக நிற்கிறது. அடித்தார் என்று அங்கேயே சொன்னால் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு வழி பிறக்கும். மிரட்டல் குறுஞ்செய்திகளை அழிக்காமல், நம்பகமான இன்னொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.

அந்தக் கட்டளை வீட்டுக்காரரை லீஸை முடிக்கும்படி கட்டாயப்படுத்தாது. இதில் ஒரு பழைய வாதம் இருக்கிறது. ரோமச் சட்டத் தொகுப்பான டைஜெஸ்டில் அல்ஃபேனஸ் என்ற சட்ட அறிஞரிடம் கேட்கப்பட்ட கேள்வி: பயத்தால் வீட்டை விட்டுப் போனவர் வாடகை கட்ட வேண்டுமா? ஆபத்து உண்மையில் இல்லாவிட்டாலும் பயப்பட நியாயமான காரணம் இருந்தால் வேண்டியதில்லை, காரணம் இல்லாத பயம் என்றால் கட்ட வேண்டும் என்றார். எங்கள் பொதுச் சட்டம் அந்த வேரிலிருந்து வந்தது. வழக்கு என்று வந்தால் நான் இதை வைத்து வாதாடுவேன். ஆனால் அந்தக் கதை அந்த இடத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றியது என்று எதிர்ப்பக்கம் சொல்லும், கூடவே கையொப்பமிட்டிருக்கும் கணவரால் வரும் பயத்துக்கு அது பொருந்தும் என்று உங்களுக்கு உறுதிதர என்னால் முடியாது. பாதுகாப்புக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதி கையில் இருந்தால் ‘நியாயமான காரணம்’ என்ற பகுதியாவது கேள்விக்கு அப்பால் போகும். அதைக் கண்ட பிறகு மனமிரங்கி விட்டுக்கொடுத்த வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரருக்குப் போகும் எந்தக் கடிதத்திலும் தங்கச்சியின் புது விலாசம் இருக்கக்கூடாது. வக்கீலின் விலாசத்தையோ பெற்றோரின் விலாசத்தையோ போடலாம், புருஷனுக்குத் தெரிந்த பெற்றோர் வீடு என்றால் அதுவும் வேண்டாம். தங்கச்சி அங்கேதான் தங்கப்போகிறார் என்றால் நிச்சயமாக வேண்டாம். வீட்டுக்காரர் புருஷனின் கூட்டாளி என்றால் போகும் நாளை முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, சாவியை வக்கீல் மூலம் பற்றுச்சீட்டோடு கொடுக்கலாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், லீஸின் பிரதி இவற்றை இப்போதே ஒரு பையில் போட்டு வீட்டுக்கு வெளியே நம்பிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரவில் ஏதும் நடந்தால் 119, கதைத்து வழி கேட்க 1938 பெண்கள் உதவி இலக்கம். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு போகட்டும்.

உங்கள் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் உறுதி இலக்கம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் இங்கே எழுதுங்கள், பெயரும் விலாசமும் வேண்டாம். அதைப் பார்த்துத்தான் உங்கள் கடிதம் ஒரு மாச முன்னறிவித்தலாக இருக்க வேண்டுமா, பேச்சுவார்த்தைக்கான கோரிக்கையாக இருக்க வேண்டுமா என்று சொல்ல முடியும். தங்கச்சியின் விவரம் எதையும் இங்கே போடாதீர்கள், இதைப் புருஷனும் வாசிக்கலாம்.